வெளிறிய கோடு

சின்னவள் அனுப்பிய போட்டோவில் தாளைவிட அவளுடைய கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. பள்ளி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்த பெரியவள், பேச்சைத் துண்டிக்காமலே போனை மேசையில் சாய்த்து வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இருவரும் ஒரே நாட்டில், ஆனால் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். அந்த நாட்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் பெரியவள் மட்டும்தான்.

"அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. அவர் நேத்து கிட் வாங்கிட்டு வந்தாரு. தாள்ல எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீங்க படிங்க, நான் செய்யறேன்."

"மாமியார்கிட்ட சொல்லிட்டியா?"

"ஐயோ! ஆறு வருஷமா 'விசேஷம் உண்டா'ன்னு கேக்கறாங்க. உறுதியாகாம வாயத் திறப்பேனா?"

"சரி, கப்புல பிடிச்சியா? பட்டையில அம்புக்குறி கீழ பார்த்து இருக்கும். அங்க இருக்கிற கோட்டைத் தாண்டி முக்காத. பத்து எண்ணு. எடுத்துத் தட்டையா வை. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாரு. பத்து நிமிஷம் தாண்டிட்டா அப்புறம் என்ன தெரிஞ்சாலும் கணக்கில்ல."

அந்த ஐந்து நிமிடமும் இருவரும் ஏதேதோ பேசினார்கள். வாஷிங் மெஷின் சத்தம், மாடி வீட்டுக்காரனின் இருமல். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

"அக்கா! ரெண்டு கோடு! ஒண்ணு அழுத்தமா, ஒண்ணு வெளிறி. ரெண்டுன்னா ரெண்டுதானே? அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன், வேலையைப் போட்டுட்டு ஓடி வராரு."

"அடி என் கண்ணு" என்று தொடங்கிய பெரியவள் அப்படியே நிறுத்தினாள். தாளின் அடியில் இரண்டு கோடு போட்ட படம் இரண்டு இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் 'ஆம்'. மற்றதன் பக்கத்தில் கட்டைவிரல்.

"விரலை எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்பு. பெட்டியோட முகப்பையும் எடு."

வந்ததைப் படித்ததும் பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, சோறு தொண்டையில சிக்கிடுச்சா?"

"கண்ணு, முதல்லயே பெட்டியக் கேட்டிருக்கணும் நான். இது கர்ப்பம் பார்க்கிற கிட் இல்லடி. கருமுட்டை வெளிய வர்ற நாள் கிட்ட வந்துடுச்சான்னு பார்க்கிறது. இதுல ரெண்டாவது கோடு முதல் கோட்டுக்குச் சமமாவோ அதைவிட அழுத்தமாவோ இருந்தாத்தான் ஆமாம். வெளிறியிருந்தா இல்லைன்னு அர்த்தம். பிள்ளை உண்டா இல்லையான்னு இது சொல்லாது."

அந்தப் பக்கம் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"கடையில என்னன்னு கேட்டாராம்?"

"அவருக்கு எங்க இந்த ஊர் பேச்சு வரும்? ரெண்டு கையையும் தொட்டில் மாதிரி ஆட்டிக் காமிச்சாராம்."

"சரியாப் போச்சு! குழந்தை வேணும்னு கேட்டிருக்கான் மகராசன். கடைக்காரி அதுக்கு ஏத்ததைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கா."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அதற்குள் கதவு திறந்தது.

"அண்ணி! அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" மூச்சிரைத்தது தம்பிக்கு.

பெரியவள் வாயைத் திறக்குமுன் சின்னவளே சொன்னாள். "இல்லைங்க. இது வேற கிட். இன்னும் ஒண்ணும் தெரியல."

"அவ்வளவுதானே, இன்னொண்ணு வாங்கிட்டு வரேன்" என்றான். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"தம்பி, அந்த ஊர் எழுத்துல எழுதி அனுப்பறேன். கடையில போனைக் காட்டுங்க. கையை மட்டும் ஆட்டிடாதீங்க!"

சாயங்காலம் புதுப் பெட்டியின் முகப்பு முதலில் வந்தது. பிறகுதான் தாள். பெரியவள் ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொன்னாள். "இதுல ரெண்டாவது கோடு மங்கலா வந்தாலும் ஆமாம்தான்."

"ஒண்ணுதான்கா இருக்கு."

"நேரம் பார்த்தியா?"

"ரெண்டு பேரும் கடிகாரத்தையேதான் பார்த்துட்டிருந்தோம்."

"அடியில ஒரு வரி இருக்கு, கேளு. நாள் வரலன்னா, சில நாள் கழிச்சுக் காலையில முதல் சிறுநீர்ல திரும்பப் பார்க்கணும். அப்பவும் இல்லைன்னு காட்டி, நாளும் வரலன்னா டாக்டர்கிட்ட போகணும்."

"சரிக்கா." சின்னக் குரல்.

பின்னாலிருந்து தம்பி கேட்டான். "அண்ணி, அந்த முதல் பெட்டியில மீதிப் பட்டை நிறைய இருக்கே. தூக்கிப் போட்டுடவா?"

"எதுக்குப் போடணும்? நீங்க தொட்டில் ஆட்டி வாங்கினதாச்சே! எந்த நாள்ல இருந்து பார்க்க ஆரம்பிக்கணும்னு அந்தத் தாள்ல இருக்கும். முழுசா போட்டோ எடுத்து அனுப்புங்க, நிதானமா படிச்சுச் சொல்றேன்."

வந்த படத்தில் தாள் நேராக விரிந்திருந்தது. இந்தப் பக்கம் வளையல் கை, அந்தப் பக்கம் மயிர் அடர்ந்த கை. ஓரத்தில் இரண்டு கட்டைவிரல்கள் அழுத்திப் பிடித்திருந்தன. ஓர் எழுத்துகூட மறையவில்லை.