பதினோராவது வரி

ஜெயங்கொண்டத்தில் ஜெயசித்ரா நடத்திய மெஸ்ஸில் மேஜை நாற்காலி கிடையாது. சமையல்கட்டும் பார்சல் கட்டும் இடமும் மட்டும்தான். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். யாராவது ‘வணக்கம்’ என்று போட்டால் உடனே ஒரு பதில் போகும். அதன் அடியில் ‘மெனு பார்க்க’ என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் இட்லியில் தொடங்கிப் பத்து வரிப் பட்டியல் திறக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், ‘உறுதி செய்’, ‘மாற்று’, ‘ரத்து’ என்று மூன்று பொத்தான்கள் வரும். உறுதி செய்ததும் சமையல்கட்டில் மாட்டியிருந்த டேப்லெட்டில் ஆர்டர் விழும்.

இதைச் செய்து கொடுத்தவன் அரியலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் அறிவரசன். அதற்காகக் கடை நம்பரை அவள் ஃபோனின் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து நிறுவனக் கணக்காக மாற்றியிருந்தான். அந்த நம்பருக்கு யார் என்ன எழுதினாலும் இனி அவள் ஃபோனில் தெரியாது, தானாகப் பதில் போடும் இயந்திரம்தான் முதலில் படிக்கும் என்று அன்றைக்கே சொன்னான். அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு ஓயாமல் மெசேஜ் பார்க்க முடியாது.

பட்டியலில் பத்தாவது வரி நொய்க் கஞ்சி. ‘வடிகட்டியது, உப்பு குறைவு’ என்று கீழே சின்னதாக எழுதியிருக்கும். அதைக் கேட்டவர் சிங்காரவேலு. வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்தவர், மனைவி போனபிறகு டவுனில் தனியாக இருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் குரல் போய்விட்டது. ஃபோன் அடித்துக் கேட்க முடியாத அவருக்கு அந்தப் பட்டியல் தோதாக இருந்தது. பேச வேண்டாம், நீளமாக எழுத வேண்டாம், நாலு முறை தொட்டால் போதும். காலை ஏழரைக்கு, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் நல்லதம்பி தன் டிவிஎஸ்ஸில் போய்த் தூக்குவாளியை அவர் கேட்டில் மாட்டிவிட்டு வருவார்.

கல்யாண சீசன் தொடங்கியதும் நிறையப் பேர் கொத்துப் பரோட்டா கேட்டார்கள். ஜெயசித்ரா அறிவரசனுக்கு ஃபோன் போட்டாள்.

“அதையும் ஒரு வரி சேத்துடு தம்பி.”

“பத்து வரிதான் அக்கா அனுமதி. பதினொண்ணு போட்டா மெனுவே போகாது. ஒண்ணு பண்ணலாம். ஒன்பது வரி வச்சுட்டு, பத்தாவதா ‘மேலும்’னு போடுவோம். அதைத் தொட்டா இன்னொரு பட்டியல் வரும்.”

“யாரு ரெண்டு தடவ தொறந்து பாக்கப்போறா? எதையாவது எடுத்துடு.”

“எதை?”

“எது கம்மியாப் போவுதுன்னு பாரு.”

அவன் பார்த்துச் சொன்னான். “கஞ்சி. ஒரே ஒரு நம்பர்லேருந்துதான் வருது.”

அது யார் என்று அவளுக்குத் தெரியும். “எடுத்துடு. அய்யாவுக்கு நான் நேர்ல போயிச் சொல்லி, வேற வழி பண்ணிக்கிறேன்” என்றாள்.

அன்று மாலையே போக நினைத்தாள். உடையார்பாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இருநூறு இலை சாப்பாட்டுக்கு ஆர்டர் வந்தது. மறுநாள் மாவு மிஷின் பழுதானது. நாலாம் நாள் அவளுக்கு நினைவே இல்லை. கஞ்சி ஆர்டர் வராததைப் பார்த்த நல்லதம்பி, பெரியவர் திருச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டார்.

இருபத்திரண்டு நாள் கழித்துக் காய்கறி வாங்கப் போனவள் பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தாள். சிங்காரவேலுவின் முகம். காலமான தேதி ஐந்து நாள் முந்தியது. கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மத்தியானம் அரியலூர் பஸ் ஏறினாள்.

“அந்தப் பெரியவரு ஏதாச்சும் எழுதியிருந்தாரா, பாரு” என்றாள் அறிவரசனிடம்.

அவன் ஒரு பக்கத்தைத் திறந்தான். இயந்திரத்துக்குப் புரியாத மெசேஜெல்லாம் அங்கே சேர்ந்து கிடந்தது. அதுவரை இருவருமே அதைத் திறந்ததில்லை. நம்பரைப் போட்டுத் தேடியதும் வரிசையாக வந்தது.

முதல் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு ‘வணக்கம்’. மெனு போயிருந்தது. ‘கஞ்சி காணோம்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் போன பதில்: ‘மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ள பட்டியலிலிருந்து தேர்வு செய்யவும்.’ கூடவே அதே பத்து வரி.

“இது என்ன?” என்று அடுத்ததைக் காட்டிக் கேட்டாள்.

அறிவரசன் திரையை மேலே நகர்த்திப் பார்த்தான். “மேல தள்ளிப் போயி, போன மாசத்து மெனுவைத் தொறந்துருக்காரு அக்கா. பழைய பட்டியல் அவரு ஃபோன்ல அப்படியேதான் இருக்கும். அதுல கஞ்சியத் தொட்டு அனுப்பியிருக்காரு. நம்ம பக்கம் அது வந்துருக்கு. ஆனா நான் கஞ்சியோட குறியீட்டை எடுத்துட்டேன்ல, அதனால இதுக்கும் புரியலன்னுதான் பதில் போயிருக்கு.”

ஆறு நாளில் ஏழு முறை அப்படித் தொட்டிருந்தார். நடுநடுவே எழுதியும் இருந்தார். ‘அம்மா, கஞ்சி மட்டும் போதும்.’ ‘இட்லி இறங்காது.’ ஒவ்வொன்றுக்கும் அதே மன்னிப்பு. ஆறாம் நாள் கடைசியாக ஒன்று: ‘கடையில் ஏதும் கஷ்டமா? நீங்கள் நல்லா இருக்கீங்களா?’

அதற்கும் பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்லிப் பதில் போயிருந்தது.

ஜெயசித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என் தப்பும் இருக்கு அக்கா. புரியாததை உங்க ஃபோனுக்கு அனுப்புற மாதிரி வச்சிருக்கணும்” என்றான் அறிவரசன். “இதை எனக்கு எடுத்துக் குடு” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனாள். திருச்சியில் இருக்கும் மகள் கீதாஞ்சலி கதவைத் திறந்தாள்.

“மெஸ்ஸுக்காரங்களா? அப்பா உங்களப் பத்தி எழுதிக் காட்டினாரு. கடைய மூடிட்டாங்க போலருக்கு, பாவம்னாரு.”

“மூடலம்மா” என்றாள் ஜெயசித்ரா. உட்காராமல், நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். வரியை எடுக்கச் சொன்னது, வந்து சொல்ல நினைத்து மறந்தது, எதையும் விடவில்லை. பிறகு ஃபோனை நீட்டினாள்.

கீதாஞ்சலி மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். திரும்பவும் ஒருமுறை படித்தாள்.

“பால்ல பிஸ்கட்ட ஊறவச்சுச் சாப்பிட்டிருக்காரு. ஒரு வாரம் கழிச்சு நான் வந்தப்ப ரொம்ப ஒடுங்கிப் போயிருந்தாரு. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். நோய் திரும்பிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. கஞ்சி குடிச்சிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாருதான்.” ஃபோனைத் திரும்பக் கொடுத்தாள். “ஆனா ஆறு நாளு பசியோட இருந்துருக்காரு.”

“ஆமாம்மா.”

“எனக்கும் சொல்லல. தெனமும் நல்லா இருக்கேன்னுதான் மெசேஜ் போட்டாரு.”

‘மன்னிக்கவும்’ என்ற சொல்லை அந்த ஃபோனில் பதினோரு முறை படித்துவிட்டு வந்த ஜெயசித்ராவுக்கு அது வாயில் வரவில்லை.

“இத எனக்கு அனுப்பிடுங்க” என்றாள் கீதாஞ்சலி. “அவரு கடைசியா எழுதுனது.” ஜெயசித்ரா அனுப்பியதும் கீதாஞ்சலி கதவு வரை வந்தாள். மறுபடி வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே அறிவரசன் மாற்றிக் கொடுத்தான். இப்போது இயந்திரத்துக்குப் புரியாத எதுவும் ஜெயசித்ராவின் சொந்த ஃபோனுக்கு வந்து சேரும். பெரும்பாலும் குட்மார்னிங் படங்கள், தவறி வந்த கல்யாணப் பத்திரிகைகள், குழந்தைகள் தட்டிவிட்ட எழுத்துகள். அடுப்பைத் தணித்துவிட்டு, ஒன்று விடாமல் அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள்.