உப்பு என்றால் என்ன?

ஐயாசாமி டவுன் பஸ் கண்டக்டர். காந்திபுரத்துக்கும் சரவணம்பட்டிக்கும் ஒரு நாளைக்குப் பத்து நடை. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் அந்தக் கோடையில் அவர் கேட்காத கேள்வி இல்லை. மகள் இளவேனில் பிளஸ் டூ முடித்துவிட்டு, சித்த மருத்துவக் கல்லூரி ஒன்று தனியாக நடத்தும் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இயற்பியல், வேதியியல், உயிரியலில் ஒரு தாள், சித்த மருத்துவ அடிப்படையில் ஒரு தாள், அதன்பிறகு நேர்முகம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பயிற்சி மையத்தில் வகுப்பு முடிந்ததும் அவள் அப்பாவின் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். தூக்குப்போசியைத் திறந்துகொண்டே அவர் நோட்டைப் பிரிப்பார்.

"நாடியில வாதம் எத்தன மாத்திரைங்க அம்மணி?"

"ஒண்ணுங்கப்பா. பித்தம் அரை, கபம் கால்."

"சரியாத்தான் போட்டிருக்குது." விடை நோட்டிலேயே இருந்ததால் அவருக்குக் கஷ்டமில்லை.

ஒரு புதன்கிழமை அவள் வரும்போதே முகம் சிவந்திருந்தது. மாதிரித் தேர்வின் வேதியியல் பகுதியில் 'உப்பு எவ்வாறு உருவாகிறது?' என்று கேட்டிருந்தார்கள். முந்தின நாள் முழுக்கச் சித்த மருத்துவத்தின் அறுசுவைகளைப் படித்திருந்த இளவேனில், 'நீரும் தீயும் கூடி உப்பு' என்று எழுதிவைத்திருந்தாள். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். மொத்த வகுப்பும் சிரித்தது.

"ரெண்டையும் சேத்துப் படிக்க முடியாதுங்கப்பா. இத எடுத்தா அது போயிருது. நான் பேசாம பி.எஸ்சி. சேந்துக்கறேன்."

ஐயாசாமிக்கு மகளைத் தேற்றத் தெரியவில்லை. தட்டத்தில் தயிர்ச்சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப சரியான விடை என்னங்கண்ணு?"

"அமிலமும் காரமும் சேந்தா உப்பும் தண்ணியும்."

"காரம்னா மொளகாதானே?"

"ஐயோ, அந்தக் காரம் இல்லீங்கப்பா. அது வேற. சோப்புத் தண்ணியத் தொட்டா வழுவழுங்குமில்ல, அந்த மாதிரி."

"அப்ப எதுக்கு ஒரே பேரு வெச்சாங்க?"

எரிச்சலோடு பதில் சொல்ல வாயெடுத்தவள் அவர் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். அவர் விடவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"மாத்திரைன்னா முழுங்கறதா, நாடி பாக்கறதா? உங்கம்மா தலைசுத்துனா பித்தம்ங்கறா. ஈரல்ல சுரக்குறதுன்னு உன்ர நோட்டுல இருக்குது. ரெண்டும் ஒண்ணா?"

"இல்லீங்கப்பா," என்றாள் மெதுவாக. "ஈரல்ல சுரக்குறது பித்தநீரு. கொழுப்பு செரிக்க உதவும். சித்தத்துல பித்தம்னா அழல். உடம்போட சூடு, செரிமானம், பார்வை எல்லாத்துக்கும் அதுதான். வெறும் தண்ணி கெடையாது."

சொல்லிவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தாள். உப்பு, காரம், மாத்திரை, பித்தம், தாது. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் ஒரு பொருள். பாடங்கள் சண்டை போடவே இல்லை. தமிழில் படித்ததால் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தது, அவ்வளவுதான். எந்தத் தாளில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

டிரைவர் பொங்கியண்ணன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். ஐயாசாமி கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். அவள் சோற்றைத் தொடவேயில்லை, எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் அந்தப் பட்டியல் நீண்டது. ஐயாசாமியும் ஒருநாள் 'வாயு' என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்கு அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. நேர்முகத்தன்று அவர் கல்லூரி வேப்பமரத்தடியில் நின்றார். வெளியே வந்தவளைப் பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை.

"என்னங்கம்மணி கேட்டாங்க?"

"'மூட்டு வலிச்சா வாதம்ங்கறாங்களே, வாதம்னா வலியா'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. 'இல்லீங்க, உடம்போட அசைவெல்லாம் வாதத்தோட வேலை, அது கெட்டா வர்ற குறிகள்ல ஒண்ணுதான் வலி'ன்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"'நரம்போட வேலையும் அதும் ஒண்ணா'ன்னாங்க. கொஞ்சம் ஒத்துப்போற மாதிரி தெரியுது, ஒண்ணுதான்னு சொல்றதுக்கு எனக்கு இன்னும் தெரியலீங்கன்னு சொல்லிப்போட்டேன். தப்புங்களாப்பா?"

"தெரியாததத் தெரியலைன்னு சொன்னா எப்பிடிக் கண்ணு தப்பாவும்?"

சொல்லிவிட்டாரே ஒழிய, அதைக் கேட்டு அந்த அம்மா முகம் எப்படி இருந்தது என்று வீடு சேரும்வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.

முதல் பட்டியலில் பெயர் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் நான்காவது. அம்மா செல்லாத்தாள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் அவளுக்குப் பிடித்ததாகவே சமைத்தாள். ஆடி பிறந்து எட்டாம் நாள் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

இளவேனில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். ஐயாசாமி கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னிக்கு உங்களுக்கு லீவு நாளில்லீங்களா?" என்றாள் செல்லாத்தாள்.

"பொங்கியண்ணன்கிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்," என்றவர், வாசலைத் தாண்டிப் பாதி ஓட்டமாகப் போனார்.