மூன்று நாள் பிடித்தம்

அக்டோபர் ஐந்தாம் தேதி மதியம் சம்பளச் சீட்டு வந்தது. பச்சமுத்து கேன் கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றபடியே ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் திறந்தான். வழக்கமாக அவன் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான். கையில் வரும் தொகை 16,425 என்று இருக்க வேண்டிய இடத்தில் 14,782 என்று இருந்தது. மேலே போய்ப் பார்த்தான். வேலை செய்த நாட்கள் இருபத்தேழு, சம்பளமில்லா விடுப்பு மூன்று நாள்.

செப்டம்பரில் அவன் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் அவன் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் வாசலில் உள்ள கருவியில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிவிடும். மலையில் மட்டும் அப்படியில்லை. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் நிறுவனத்துக்கு ஒரு கூலர் இருக்கிறது. மலைக்காரர்கள் கறந்துவரும் பாலை அதில் ஊற்றிக் குளிரவைத்து மறுநாள் லாரியில் இறக்குவார்கள். அங்கே சிக்னல் கிடையாது. யார் வேலைக்குப் போனாலும் ஒரு நோட்டில் தேதி, பணியாளர் எண், கையெழுத்து மூன்றையும் எழுதி, கீழே கச்சிராயபாளையம் வந்து சிக்னல் கிடைத்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வருகைப் பதிவு பார்க்கும் வீரமுத்துவுக்கு அனுப்ப வேண்டும். அவர் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவார். மாதக் கடைசியில் அந்தக் கணக்கு சென்னைத் தலைமை அலுவலகத்தின் சம்பளப் பிரிவுக்குப் போகும்.

செப்டம்பர் 12, 13, 14 மூன்று நாளும் பச்சமுத்து மலையில் இருந்தான். கூலர் பார்க்கும் ஆளுக்குக் காய்ச்சல் என்று அவனை அனுப்பினார்கள். அனுப்பியது வீரமுத்து. அந்த வாரம் மாமனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டும் என்று பச்சமுத்து சொல்லியும் அவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அன்றைக்கு வாய்த்தகராறு ஆனது.

அதனால் சீட்டைப் பார்த்ததும் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே சம்பளப் பிரிவுக்கு ஒரு மெயில் எழுதினான். அனுப்புவதற்கு முன் தங்கமணியிடம் காட்டலாம் என்று தோன்றியது. தங்கமணி பரிசோதனைக் கூடத்தில் பாலின் கொழுப்பு பார்ப்பவள். நாற்பது வயது. நிலையத்தில் யாருக்கு விண்ணப்பம், கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் அவள் கண்ணில் ஒருமுறை பட்டுத்தான் போகும்.

மூன்று மணிக்கு மாலைப் பால் வரும்வரை கூடத்தில் வேலை குறைவு. தங்கமணி கைப்பேசியை வாங்கி முதலில் முழுவதையும் படித்தாள்.

"ஐயா, எனக்கு சம்பலம் குறைத்து போட்டுள்ளிர்கள். நான் மூன்று நாள் மலையில் வேலை பார்த்தேன். அதை வீரமுத்து வேண்டுமென்றே மறைத்து என் 1800 ரூபாயைத் திருடிவிட்டார். உடனே நடவடிக்கை எடுக்கவும். பச்சமுத்து, எண் 0471."

நகல் போகவேண்டிய இடத்தில் நிர்வாக இயக்குநரின் முகவரியையும் போட்டிருந்தான். பொருள் என்ற இடம் காலியாக இருந்தது.

அவள் முதலில் 'சம்பலம்' என்பதைச் சம்பளமாக்கினாள். பொருள் என்ற இடத்தில் 'செப்டம்பர் மாதச் சம்பளச் சீட்டில் மூன்று நாள் வருகை விடுபட்டது குறித்து' என்று போட்டாள். எந்த மாதம், எந்தத் தேதிகள் என்று எழுதாவிட்டால் அங்கே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது என்றாள். பிறகு 1800 என்பதில் நிறுத்தி ஆகஸ்ட் மாதச் சீட்டைக் காட்டச் சொன்னாள். மொத்தச் சம்பளம் பதினெட்டாயிரம். மூன்று நாளுக்கு 1800 குறைந்தது சரிதான், ஆனால் அதற்குத் தக்கபடி வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் குறைவாகப் பிடித்திருக்கிறார்கள், ஆகவே கைக்கு வரவேண்டியதில் குறைந்திருப்பது 1643 என்று காட்டினாள். இரண்டையும் தனித்தனியாக எழுதினாள். இயக்குநர் முகவரியை எடுத்துவிட்டாள். முதல் கடிதமே அவருக்குப் போக வேண்டியதில்லை, பதில் வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

திருடிவிட்டார் என்ற சொல்லுக்கு வந்தபோது அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அதை எடுக்கக் கூடாது என்று பச்சமுத்து பிடிவாதமாகச் சொன்னான். காதுகுத்து விஷயத்தில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டே சீட்டை ஒரு தடவையும் மெயிலை ஒரு தடவையும் பார்த்தாள்.

"உன் நம்பர் இன்னா?" என்று கேட்டாள்.

"நாலு ஏழு ஒண்ணு."

"சீட்டுல நாலு ஒண்ணு ஏழுன்னு இருக்குதே."

பச்சமுத்து எட்டிப் பார்த்தான். சின்ன எழுத்தில், பெயருக்கு மேலே, 0417 என்று இருந்தது. சீட்டிலும் தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று சொன்னான். அவள் ஆகஸ்ட் சீட்டைத் திறந்தாள். ஜூலை சீட்டைத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே எண்தான். முகத்தைக் காட்டியே இரண்டு வருடம் வந்துபோனவனுக்கு அந்த எண்ணை எழுதும் தேவை ஏற்பட்டதேயில்லை. சேர்ந்த நாளில் யாரோ சொன்னதை மாற்றி மனதில் பதித்துக்கொண்டிருக்கிறான்.

"மலையில நோட்டுல இன்னா எழுதின?" என்று மெதுவாகக் கேட்டாள் தங்கமணி.

அவன் அனுப்பிய படம் கைப்பேசியில் இன்னும் இருந்தது. விரல்களால் பெரிதாக்கினார்கள். 12, 13, 14. மூன்று வரியிலும் அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் 0471. பக்கத்தில் பெயர் என்று சொல்ல முடியாத ஒரு கிறுக்கல்.

 பிறகு பச்சமுத்து கைப்பேசியைக் கேட்டான். அழித்துவிடலாம் என்றான். ஆயிரத்து அறுநூறு ரூபாய் போனால் போகட்டும், வீரமுத்து முன்னால் இப்படி நிற்க முடியாது என்றான்.

தங்கமணி கைப்பேசியைக் கொடுக்கவில்லை.

"நம்பர மாத்தி எழுதிட்ட. வேலைய மாத்தி செய்யலியே. மூணு நாளு பாலு ஊத்தினது நீதான?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப கேளு. ஆனா நடந்தத எழுதிக் கேளு."

வீரமுத்து பற்றிய வரியை அவனே அழித்தான். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. 0471 வேறொருவருடைய எண். அந்த ஆள் அந்த நாட்களில் வேலைக்கு வந்திருந்தால் ஒரே எண்ணில் வருகை இரண்டு முறை விழுந்து அப்போதே தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அந்த ஆள் வரவில்லை. வராத நாளுக்குச் சம்பளம் போயிருக்கிறது. சீருடை கொடுத்த பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தார்கள். 0471, பொன்னுரங்கம்.

பொன்னுரங்கம் லாரியில் கேன் ஏற்றி இறக்கும் ஆள். ஐம்பத்திரண்டு வயது. கருணாபுரத்தில் வீடு. செப்டம்பர் நடுவில் மகளுக்குப் பிரசவம் என்று மூன்று நாள் அவர் வராதது இருவருக்கும் நினைவு வந்தது. இந்த மெயில் போனால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். பச்சமுத்து அன்றைக்கு அதை அனுப்பவில்லை.

வேலை முடிந்து கருணாபுரம் போனான். பொன்னுரங்கம் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவருடைய மனைவி ரங்கம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். பச்சமுத்து எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நோட்டுப் படத்தை நேராக அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னான்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். சம்பளம் முழுசாக வந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. அவருக்கு லீவு ஒன்றும் மிச்சமில்லை. வீரமுத்துதான் மனசு வந்து ஏதோ செய்து கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து கேட்டால் வீரமுத்துவுக்குச் சங்கடம் என்று, அன்று மதியமே அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தார். பேரன் பிறந்த சந்தோஷம் என்று வீரமுத்துவும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்.

"நானும் ரெண்டு துண்டு துன்னேன்ணே," என்றான் பச்சமுத்து.

பொன்னுரங்கம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"மெயில போடு தம்பி. உன் காசு அது. நான் ஏமாத்திக்கினு இருந்தேன்னு மட்டும் எழுதிடாத."

பணம் பிரசவச் செலவில் போய்விட்டது, ஒரே மாதத்தில் பிடித்தால் வீட்டுக்குக் கஷ்டம் என்று அதற்கப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுநாள் காலை சீக்கிரம் வரச்சொல்லிவிட்டு பச்சமுத்து கிளம்பினான்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பச்சமுத்துவின் மெயிலில் பொன்னுரங்கம் பெயரை எழுதக் கூடாது என்று தங்கமணி சொன்னாள். ஒருவர் சம்பளத்தைப் பற்றி இன்னொருவர் எழுதுவது முறையில்லை. தவறாக எழுதிய எண்ணைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பொன்னுரங்கம் தன் விஷயத்தைத் தனியாக எழுதட்டும் என்றாள். அவர் வெள்ளைத்தாளில், தனக்கு மூன்று நாள் கூடுதலாகச் சம்பளம் வந்திருக்கிறது, இரண்டு மாதத் தவணையில் பிடித்துக்கொள்ளவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கமணி அதில் ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

பச்சமுத்துவின் மெயில் கடைசியில் இப்படி ஆனது:

"ஐயா, வணக்கம். என் பணியாளர் எண் 0417. செப்டம்பர் 12, 13, 14 தேதிகளில் மலைக் கூலரில் பணி செய்தேன். அந்த மூன்று நாட்களும் என் சம்பளச் சீட்டில் சம்பளமில்லா விடுப்பாக உள்ளன. மொத்தச் சம்பளத்தில் ரூ.1800, கைக்கு வரும் தொகையில் ரூ.1643 குறைந்துள்ளது. வருகை நோட்டில் என் எண்ணை 0471 என்று தவறாக எழுதியது நான். நோட்டுப் பக்கத்தையும் இரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன். வருகையைச் சரிபார்த்து நிலுவையை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

'தவறாக எழுதியது நான்' என்ற வரி அவன் சேர்த்தது. அவள் படித்துவிட்டு அப்படியே விட்டாள். அனுப்பும் முன் இணைப்புகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். நோட்டுப் படம் சேரவில்லை. சேர்த்தார்கள்.

வருகையைத் திருத்த வீரமுத்துவின் ஒப்புதலும் வேண்டும். பொன்னுரங்கத்தின் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு பச்சமுத்து தனியாக அவர் அறைக்குப் போனான். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நோட்டில் கையெழுத்து யாருடையது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் அடித்தது தன் பிழை என்றார். மலைக்கு யாரை அனுப்பினோம் என்று அவருக்கே தெரியும், இருந்தும் மலை நோட்டின் வரிகளை ஒரே மூச்சில் அடிக்கும்போது கணினியில் வரும் பெயரைப் பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். மைசூர்பாகு விஷயத்தைப் பச்சமுத்து சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு பொன்னுரங்கத்தின் கடிதத்தைப் படம் எடுத்தார். தன் ஒப்புதலோடு அதையும் அவனுக்கு எதிரிலேயே சம்பளப் பிரிவுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பச்சமுத்துவின் வருகை திருத்தப்பட்டது, நிலுவை அக்டோபர் சம்பளத்தோடு சேரும். பொன்னுரங்கத்திடம் இரண்டு தவணையாகப் பிடிக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

பதிலைக் காட்ட வீரமுத்துவிடம் போன பச்சமுத்து, காட்டிய பிறகும் நகராமல் நின்றான்.

"இன்னா?" என்றார் அவர்.

"மொதல்ல எழுதுனதுல நீங்க என் காச திருடிட்டீங்கன்னு எழுதியிருந்தேங்க."

வீரமுத்து கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லீங்க. அழிச்சிட்டேன்."

"காதுகுத்துக்கு உன்ன வுட்டிருக்கணும்," என்றார் அவர். "அன்னைக்கு வேற ஆளு கிடைக்கல."

வாசலில் மாலை லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பச்சமுத்து கேன் இறக்கப் போனான். பொன்னுரங்கம் ஏற்கெனவே லாரியின் மேல் நின்று முதல் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.