ஐந்து உட்தலைப்புகள்

விறைத்திருந்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. பிணவறை ஊழியர்தான் பக்குவமாக மடக்கி உள்ளே விட்டார். டீச்சர் பொத்தான்களைப் போட்டாள். அவள் அண்ணனின் நகக்கண்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக். நேற்று மதியம் ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவர், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வெளியே ஃபோர்மேன் காத்திருந்தார். "நாலு மணிக்கு இரங்கல் கூட்டத்துக்கு எல்லாரும் ஹாலுக்கு வந்துடுவாங்க, டீச்சர். வீட்டு சார்பா யாராவது ரெண்டு வார்த்தை பேசினா நல்லாயிருக்கும்."

வீட்டில் இதைச் சொன்னதும் அண்ணி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாப்பா எழுதுவா. கட்டுரையில அவளுக்கு எப்பவும் முழு மார்க்குதானே."

பாப்பா அண்ணனின் ஒரே பெண். பத்தாம் வகுப்பு. மொழிப்பாடம் அத்தையான டீச்சரிடம்தான். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்.

கால் மணி நேரத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். முன்னுரை, பிறப்பும் இளமையும், ஆற்றிய பணிகள், நற்பண்புகள், முடிவுரை. ஐந்தும் கறுப்பு மையில், அடிக்கோட்டோடு. 'பார் போற்றும் பண்பாளர், தன்னலம் கருதாத் தகைமையாளர்...'

டீச்சருக்கு மேற்கொண்டு படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியும் அவள் சொல்லி எழுதவைத்தது. 'நான் விரும்பும் தலைவர்' கட்டுரை. பெயர் வருமிடத்தில் கோடு விட்டுக் கொடுத்திருந்தாள். எந்தத் தலைவரைக் கேட்டாலும் பொருந்தும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கண்ணில் பட்டதை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்வாள். அந்த வருஷம் அவள் பாடத்தில் அறுபத்தொரு சதவீதம்தான் தேர்ச்சி. தலைமையாசிரியர் பாடவாரியாகப் பட்டியலை ஆசிரியர் அறையில் ஒட்டினார். அவள் பெயர் கடைசி. "மேலதிகாரி என்னைக் கேப்பாரு. நான் உங்களைத்தான் கேக்கணும்" என்றார். அதற்கப்புறம் பத்து வருஷக் கேள்வித்தாள்களை வைத்துக் கணக்குப் போட்டாள். அடிக்கடி வந்த ஐந்து கட்டுரைகள், மூன்று கடிதங்கள் போதும். வராத பாடங்களை நடத்தவில்லை. நூலக வகுப்பில் சிறுதேர்வு வைத்தாள். பேச்சுக்கு மார்க் இல்லை, அதனால் அதுவும் போயிற்று. விடைத்தாள் திருத்தப் போனபோது தெரிந்துகொண்டாள்: ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது, கட்டுரையை யாரும் படிப்பதில்லை, தலைப்புகளைத்தான் எண்ணுகிறார்கள். அவளும் எண்ணினாள். போன வருஷம் தொண்ணூற்றெட்டு சதவீதம். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

"பாப்பா, இது வேண்டாம்டா. அப்பாவைப் பத்தி எழுது."

"அப்பாவைப் பத்திதானே அத்தை எழுதியிருக்கேன்?"

"அப்பா வேலையில எப்படி? அதைச் சொல்லேன்."

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். "லீவுல ஒரு தடவை கூட்டிட்டுப் போனார். லிஃப்ட் சரியானதும் யாரையும் ஏற விடல. அவர் மட்டும் தனியா உச்சி வரைக்கும் போயிட்டு வந்தார். கதவு திறந்ததும் என்னைப் பார்த்து, 'இப்ப நீ வரலாம் மேடம்'னார்."

அண்ணி சுவரிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"இதை எழுது," என்றாள் டீச்சர்.

"இதெல்லாம் ஒரு பாயின்ட்டா அத்தை?"

"எழுதுடா."

"எந்தத் தலைப்புல?"

"தலைப்பே வேண்டாம்."

பாப்பா புதுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். மணி இரண்டு, இரண்டரை. இரண்டு தடவை 'முன்னுரை' என்று எழுதி அடித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள். "முதல் வரி மட்டும் சொல்லுங்க அத்தை. அப்புறம் நானே எழுதிடறேன்."

டீச்சர் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் வந்து நின்றது 'பார் போற்றும்' தான். அதை விழுங்கிவிட்டு வேறொன்றைத் தேடினாள். கூடப் பிறந்தவர், நாற்பத்தாறு வருஷப் பழக்கம். ஒரு வரி வரவில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"நேரமாச்சு. முதல்ல எழுதினதையே எடுத்துக்கோ."

ஹாலில் பாப்பா திக்காமல் திணறாமல் படித்தாள். 'முன்னுரை' என்பதையும் சேர்த்தே படித்தாள். நீல உடுப்பில் வந்திருந்த மெக்கானிக்குகள் கைகட்டி நின்றார்கள். 'ஆற்றிய பணிகள்' வந்தபோது ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

முடித்ததும் ஃபோர்மேன் டீச்சர் பக்கம் சாய்ந்து, "பொண்ணு நல்லா எழுதியிருக்கு. நீங்க சொல்லிக்கொடுத்ததா?" என்றார்.

டீச்சர் மேடையைப் பார்த்தாள்.

பாப்பா இறங்கி வந்து, வகுப்பில் செய்வதுபோலவே தாளை அத்தையிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். இடப்பக்கம், மார்க் போடுவதற்காகப் பாப்பா கோடு கிழித்து விட்டிருந்த ஓரம், மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது.