விடை: ஒன்று

சிதம்பரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். முதுநகரிலிருந்து ரயிலில் வந்துபோகும் பெலிசியா டீச்சருக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இங்கேயும் மத்தியானம் தனியாகத்தான் டிபன்பாக்ஸைத் திறந்தாள்.

கணக்குத் தாளில் ஒரு கேள்வி: ஐந்தைந்து பேராகப் பிரித்தாலும் ஒருவர் மிச்சம், ஏழேழு பேராகப் பிரித்தாலும் ஒருவர் மிச்சம், குறைந்தது எத்தனை பேர்? விடைக்குறிப்பில் முப்பத்தாறு. ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது: "ஐந்துக்கும் ஏழுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி இல்லை. ஆகவே முப்பத்தைந்தால் வகுத்தாலும் மீதி ஒன்றே. 1, 36, 71 என்று போகும். குறைந்தது 1."

பெலிசியா முழு மார்க் போட்டாள். மேற்பார்வையாளர் சபாபதி சிடுசிடுத்தார்.

"ஒத்த ஆளப் போயி யாராவது எண்ணுவாங்களா மேடம்?"

"எண்ணாம வுட்டா, அந்த ஆளு இருக்கறதே யாருக்கும் தெரியாது சார்."