இந்த மாத நித்திரைக்காரர்

நோர்வேயின் பேர்கன் நகரத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில், எல்லாருடைய தொலைபேசியும் ஒன்றாகக் கிணுகிணுக்கும். மரியநாயகம் அண்ணர் செய்தி போட்டிருக்கிறார் என்று அர்த்தம். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: "இந்த மாத நித்திரைக்காரர்."

அதற்குக் கீழே பெயர்கள். யாருடைய பிள்ளையின் கடவுச்சீட்டு முடியப்போகிறது, யாருடைய மருமகளின் குடியிருப்பு அனுமதி முடியப்போகிறது, யார் புதிதாக வந்து மூன்று மாதத்துக்குமேல் யாழ்ப்பாணத்து லைசன்ஸோடு கார் ஓடித்திரிகிறார் என்று எல்லாம் இருக்கும். விவரங்கள் பிழைப்பதில்லை. நகரசபைக் கணக்குப் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். குடும்பங்கள் முதலில் நம்பித்தான் திகதிகளைக் கொடுத்தன. இலங்கைக்குப் போவதென்றால் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கவேண்டும், வசந்தகாலத்தில் கடவுச்சீட்டுக் கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, அனுமதி முடிய ஒரு மாதத்துக்கு முதலே விண்ணப்பம் போய்விடவேண்டும் என்று அவர் ஒன்பது மாதத்துக்கு முன்பே ஞாபகப்படுத்துவார். நல்ல சேவைதான். ஆனால் அதைச் செய்கிற கையில் பிரம்பு இருந்தது.

"கடவுள் மூளையைக் குடுத்தவர். சிலபேர் அதைப் பெட்டியோடேயே வைச்சிருக்கினம்" என்று ஒருமுறை எழுதினார். அதற்கு இருபது பேர் சிரிப்புமுகம் போட்டோம். பெயர் எங்களுடையதாக இல்லாதவரை அது பகிடியாகத்தான் இருந்தது. அந்த இருபது பேரில் நானும் ஒருத்தி. பிறகு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

போன கோடையில் அந்தப் பட்டியலில் சுகந்தியின் பெயர் மூன்று மாதம் தொடர்ந்து வந்தது. சுகந்தி பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள், விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவுசெய்யும் மேசையில் வேலை செய்பவள். மகன் ஆதிரனின் கடவுச்சீட்டும் தன்னுடையதைப்போலப் பத்து வருடத்துக்கு இருக்கும் என்று நினைத்துத் திறந்தும் பார்க்காமல் விட்டாள். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளைகளுக்கு அவ்வளவு காலம் கொடுப்பதில்லை. அலுமாரியில் இருந்து எடுத்தபோது அது முடிந்து போயிருந்தது. மரியநாயகம் ஞாபகப்படுத்தவில்லை என்று சொல்லமுடியாது. அந்தச் செய்திகளை அவள் திறக்காமல் விட்டதுதான். ஒவ்வொரு மாதமும் குட்டுவாங்கப் பயந்து கண்ணை மூடிக்கொள்வது எங்களில் பலர் பழகிய ஒன்று.

சுகந்தியின் காலஞ்சென்ற தகப்பனாரின் ஆண்டுத்திருப்பலி அந்த வாரம் யாழ்ப்பாணத்து இளவாலையில். புருஷன் ரெஜி மட்டும் போனான். அவள் மகனோடு இங்கே நின்றாள். மரியநாயகம் குழுவில் எழுதினார்: "ஒருத்தி விமான நிலையத்திலேயே நிண்டு ஆயிரம் பேரை அனுப்புறா. சொந்தத் தகப்பன்ரை பூசைக்கு அவவாலை போகமுடியேல்லை. மற்றவையாவது முழிச்சுக்கொள்ளுங்கோ."

அன்றைக்கும் சிலர் சிரிப்புமுகம் போட்டார்கள். சுகந்தி அடுத்த ஞாயிறு வந்து தன் இடத்தில் நின்று பாடினாள். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மரியநாயகத்தின் ஒரே மகள் ரொஷாந்திக்கு ரொறன்ரோவில் கல்யாணம், ஒரு சனிக்கிழமை. மனைவி புஷ்பராணி ஒரு மாதத்துக்கு முன்பே போய்விட்டா. அவர் வியாழக்கிழமை பயணம். தன்னுடைய கடவுச்சீட்டை இன்னும் ஒன்றரை வருடம் இருக்கும்போதே அவர் புதுப்பித்திருந்தார். மனைவியையும் வரச்சொல்லி, "உமக்கும் ஒரேயடியாச் செய்துபோட்டு வருவம்" என்றபோது அவ மறுத்துவிட்டா. "இன்னும் எவ்வளவோ காலம் கிடக்குது, என்னத்துக்கு இப்ப?" என்றா. "நீரும் ஒரு நித்திரைக்காரிதான்" என்று அவர் அதைக் குழுவிலும் சொன்னார்.

வியாழன் விடியற்காலை. பெட்டியும், கல்யாணக் கோட்டுசூட்டைத் தொங்கவிட்ட உறையும், மகளுக்கான தங்கத்தைத் தைத்துவைத்த கைப்பையுமாக மரியநாயகம் விமான நிலைய வரிசையில் நின்றார். முன்னால் ஒரு நோர்வேக்காரக் குடும்பம் பிள்ளையின் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டு நின்றது. அவர் பெருமூச்சு விட்டார். மேசையில் சுகந்தி இருந்தாள்.

"வாங்கோ அண்ணை. ரொஷாந்திக்குத்தானே?"

"ஓம். ஒரு மாதத்துக்கு முதலே எல்லாம் ரெடி. உம்மளைப்போல கடைசி நேரத்திலை ஓடித்திரியிற ஆளில்லை நான்."

சுகந்தி கடவுச்சீட்டை வைத்துக் கணினியில் தட்டினாள். இரண்டாம் முறையும் தட்டினாள். முகம் மாறவில்லை. ஆனால் கை நின்றது.

"அண்ணை, இஞ்சாலை கொஞ்சம் வாங்கோவன்" என்று வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி சொல்லி, பக்கத்து மூடிய மேசைக்கு அவரைக் கூட்டிப்போனாள். "கனடாவுக்குப் போக இணையத்திலை மின் அனுமதி எடுத்தனீங்களோ?"

"எடுக்காமல்? ரெண்டு வருடத்துக்கு முதல் எடுத்தது. இன்னும் ஒரு வருடம் கிடக்கு. இந்தா, திகதி." கைத்தொலைபேசியில் காட்டினார்.

"அது பழைய கடவுச்சீட்டு இலக்கத்துக்கு எடுத்தது அண்ணை. அந்த அனுமதி இலக்கத்தோடை கட்டின மாதிரி. நீங்கள் புதுசு எடுத்த உடனை அது உங்களுக்கு இல்லாமப் போட்டுது. அக்காவுக்குப் பழசே கிடந்தபடியா அவ பிரச்சினையில்லாமல் போட்டா."

மரியநாயகம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஊரில் யாருக்கும் இல்லாத ஒழுங்கோடு முன்கூட்டியே புதுப்பித்ததுதான் அவரைக் கவிழ்த்திருந்தது. அவர் திகதிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். திகதி இருக்கும்போதே ஒரு அனுமதி செத்துப்போகும் என்பதற்கு அவருடைய கணக்கில் இடமில்லை.

"ஏத்தமாட்டினமோ?"

"ஏத்தேலாது. கனடாப் பக்கத்திலை இருந்து வேண்டாம் எண்டு வருது. ஆனா இப்ப போனிலையே புதுசுக்குப் போடலாம். கன பேருக்குச் சில நிமிடத்திலை வந்துடும். இருங்கோ."

ஒரு கதிரையில் அவரை இருத்தி, கூட வேலை செய்பவளை மேசையில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் விரல்கள் திரையில் பிழைபிழையாகப் பட்டன. ஒரு கேள்வி வந்தது: எப்போதாவது எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா?

அவர் நிறுத்தினார். அகதியாக வந்த காலத்தில் கனடாவே ஒருமுறை மறுத்திருந்தது. போனமுறையும் ஓம் என்று எழுதி, பதில் வர நாலு நாள் எடுத்தது.

"இல்லை எண்டு போட்டா உடனை வந்துடும் என்ன?" என்றார்.

சுகந்தி அவரைப் பார்க்கவில்லை. "அது நீங்கள்தான் நிரப்பவேணும் அண்ணை. நான் திரையைப் பாக்கேல்லை." பெட்டிகள் போகும் பட்டையைப் பார்த்தபடி நின்றாள். அவரைத் திருத்தவும் இல்லை, சீண்டவும் இல்லை. நாலு வருடமாக மற்றவர்களின் திகதிகளைப் பார்த்துச் சிரித்த மனிதருக்கு, தன்னை ஒருவர் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய தயவு என்று அந்த நேரம் தெரிந்திருக்கும். அவர் ஓம் என்றே போட்டார்.

நிமிடங்கள் போயின. பதில் வரவில்லை. ரொறன்ரோ போகிற வழியில் அவர் முதலில் ஏறவேண்டிய ஆம்ஸ்டர்டாம் விமானத்தின் கதவு மூடியது.

"அண்ணை, நாளைக்கு இதே விமானத்திலை ஒரு இருக்கை கிடக்கு. அதுக்கு மாத்திவிடுறன். வெள்ளி பின்னேரம் இறங்குவீங்கள், சனி காலமை பூசைக்கு நிப்பீங்கள். பதில் வந்தாச் சரி."

"வரேல்லையெண்டா?"

"அது எங்கடை கையிலை இல்லை. செபிப்பம்."

அவருடைய மனைவி அப்போதே அழைத்தா. தொலைபேசியை அவர் சுகந்தியிடம் நீட்டினார். அவள் சொன்னாள்: "அக்கா, ஒரு அனுமதி வரக் கிடக்குது, நாளைக்கு அனுப்பிவிடுறன். அண்ணை நல்லா இருக்கிறார், கோப்பி குடிக்கிறார்." கோப்பி அப்போது அங்கே இல்லை. சொன்ன பிறகுதான் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். இனிப்பு ரொட்டி வாங்கவில்லை, அவருக்கு நீரிழிவு என்று அவளுக்குத் தெரியும்.

ரெஜி வந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். அன்று மாலை பதில் வந்தது. மறுநாள் அதே மேசையில் சுகந்தி அவரை அனுப்பினாள். பெட்டியில் ஒட்டுத்தாளைச் சரிபார்த்து, "சூட்டை மடிக்காதேங்கோ, விமானத்துக்குள்ளை தொங்கவிடச் சொல்லுங்கோ" என்றாள். வெள்ளி பின்னேரம் அவர் ரொறன்ரோவில் இறங்கினார். சனிக்கிழமை மகளின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடந்தார். படங்கள் எங்களுக்கு வந்தன.

மறுநாள் ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. வழக்கம்போல எல்லாத் தொலைபேசியும் கிணுகிணுத்தன. "இந்த மாத நித்திரைக்காரர்" என்று தலைப்பு. கீழே, பெயர் போடாமல்: "கடவுச்சீட்டைப் புதுப்பிச்சுப்போட்டு, கனடா மின் அனுமதி புது இலக்கத்துக்கு மாறாது எண்டதுகூடத் தெரியாமல் ஒருவர் விமான நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். கவனமில்லாதவைக்கு இப்படித்தான் நடக்கும்."

அதைப் படித்தபோது எனக்குக்கூட எரிச்சல் வந்தது. பழக்கம் ஒருவரை விட்டுப் போவது அவ்வளவு எளிதல்ல என்பதைத்தான் அது காட்டியது. பெயர் இல்லாததால் எங்கள் ஆட்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. யாரோ எழுதினார்கள்: "வேற ஆர், விமான நிலையத்துச் சுகந்திதான்." சிரிப்புமுகங்கள் வந்தன. இன்னொருவர்: "அவவின்ரை மகன் ஸ்கூலுக்குப் போக விசா எடுத்தவனோ?" மேலும் சிரிப்பு.

கோப்பி மேசையில் என் எதிரே சுகந்தி நின்றாள். தொலைபேசியைப் பார்த்தாள். நான் சொன்னேன், "மறுத்து எழுதன்." அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, "ஓம், கவனமாயிருக்கவேணும்" என்று மட்டும் எழுதினாள். தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கோப்பிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

பிறகு நடந்ததைப் புஷ்பராணி அக்கா திரும்பி வந்தபின் சொன்னா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மரியநாயகத்துக்கு அப்போது விடியற்காலை. கல்யாண வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் இருந்து அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தியின் பதில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"அந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதுது?" என்றாராம்.

"உங்களுக்காகத்தானே" என்றாவாம் அக்கா. "நீங்கள்தான் அவளைப் பேசவிடாமப் பண்ணியிருக்கிறியள். பிறகு ஏன் கேக்கிறியள்?"

"நான் பெயர் போடேல்லையே."

"பேரைப் போடாமல் விட்டா அது ஆற்றை தலையிலை போய் விழும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? மற்றவையின்ரை பேரை எழுத நாலு வருடமாக் கை கூசேல்லை. உங்கடை பேரை ஒருக்கா எழுதுங்கோ."

அவர் வெகுநேரம் எழுதினாராம். எங்கள் தொலைபேசிகளில் வந்தது இவ்வளவுதான்: "அந்த ஒருவர் மரியநாயகம். அவனை விமானத்தில் ஏத்தி மகளின்ரை கல்யாணத்துக்கு அனுப்பினது சுகந்தி."

சிரிப்புமுகம் யாரும் போடவில்லை. முன்பு போட்டவர்கள் சிலர் போட்டதை அழித்தார்கள். சுகந்தி அதைப் பிறகுதான் பார்த்தாள். அப்போது குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, "கல்யாணப் படத்திலை சூட்டு நல்லாக் கிடந்தது, மடிபடேல்லை" என்றாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொலைபேசிகள் கிணுகிணுக்கவில்லை. மறுநாள் தனித்தனியாக, அவரவருக்கு, மரியநாயகத்தின் குரலில் பதிந்த ஒரு சிறு செய்தி வந்தது. என்னுடையதில் சொன்னார்: "தங்கச்சி, உம்மடை மகளின்ரை கடவுச்சீட்டு அடுத்த கோடையிலை முடியுது. இப்பவே நேரம் எடுத்துவைச்சா நல்லது. உமக்கு நேரமில்லையெண்டா எனக்குச் சொல்லும், நான் காலமை பொலிஸிலை போய்க் கேட்டுப் பாக்கிறன்."

நான் அன்றைக்கே திறந்து கேட்டேன்.