இருநூற்றுப் பன்னிரண்டாவது பதிவு

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பேச்சில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. ஏறுகிறவர், இறங்குகிறவர், சில்லறை இல்லாதவர் என்று எல்லோரிடமும் ஒரு வார்த்தை அதிகமாகவே பேசுவார். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அக்கா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவள் முடிப்பதற்குள் அத்தான் மூன்று கதை சொல்லி முடித்திருப்பார்.

அந்த மனிதருக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பார், குரல் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அழுதோம். அத்தான் மட்டும், "இத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்த தொண்டை, ரிட்டயர் ஆகுது, விடுங்க" என்றார்.

அவருக்கு வைத்தியம் நடந்த ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் மென்பொருள் எழுதுவது என் வேலை. குரல் போகப் போகிறவர்கள் அன்றாடம் சொல்லும் வாக்கியங்களை முன்கூட்டியே அவர்கள் குரலிலேயே பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு கையடக்கக் கருவியில் பொத்தானை அழுத்திப் பேசலாம். அந்தப் பதிவு செய்யும் புரோகிராமை அப்போதுதான் முக்கால்வாசி முடித்திருந்தேன். முடியாத புரோகிராமை நோயாளிகளிடம் கொண்டுபோகக் கூடாது. அத்தானுக்கோ மறுநாள் காலை ஆபரேஷன், அன்று மாலை ஐந்து மணிக்கு அட்மிஷன். வேறு வழியில்லாமல் என் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போய், பிழை தேடுவதற்கான டீபக்கரில் ஓடுகிற நிலையிலேயே அவர் முன்னால் வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். ஜன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, நடுவில் ஒரு மைக். பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அம்மாள் வாக்கியப் பட்டியலைப் படிக்க, அத்தான் சொன்னார். "தண்ணி வேணும்." "வலிக்குது." "ஃபேனைக் குறைங்க." பட்டியலில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார். "உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு" என்று ஒன்று. இது எதற்கு என்று தெரபிஸ்ட் கேட்டதற்கு, "கல்யாண வீட்டுல பந்தி நடக்கும்போது தேவைப்படும்" என்றார். என்னைத் திட்டுவதற்கென்றே நாலு வாக்கியம் தனியாகப் பதிந்தார்.

நாலு மணிக்கெல்லாம் அவர் குரல் கரகரத்து, பாதி காற்றாக வர ஆரம்பித்தது. போதும் என்று தெரபிஸ்ட் சொன்னார். அத்தான் அக்காவை அட்மிஷன் பேப்பர் வாங்கி வர அனுப்பினார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அவளுக்கு. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றார்.

வெளியே நின்றோம். இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்தார். நான் உள்ளே போய் 'முடி' பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே உறைந்துவிட்டது.

"ஹேங் ஆயிடுச்சா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கலாமா?" என்று தெரபிஸ்ட் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன். அந்த அம்மாள் வயதுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அன்று பதிந்த அத்தனையும் அந்தப் புரோகிராமின் நினைவில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கோப்பாக எழுதாமல், கடைசியில் மொத்தமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று எழுதிய புத்திசாலி நான்தான். புரோகிராமை மூடினால் அத்தான் குரலும் அதோடு போய்விடும். திரும்பப் பதிய அவர் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்து பார்த்ததும் மூச்சு வந்தது. உறைந்துபோகவில்லை, நின்றிருந்தது. முந்தைய நாள் சேமிக்கும் பகுதியைச் சோதித்தபோது ஒரு வரியில், ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிரேக் பாயின்ட் வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறேன். ஓரத்தில் சிவப்புப் புள்ளி. புரோகிராம் ஓடி வந்து அந்த வரியில் நின்று, என் உத்தரவுக்காகக் காத்திருந்தது.

திரையின் அடியில் டீபக் கன்சோல் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நின்றிருக்கும் புரோகிராமிடம் அங்கே எதையும் கேட்கலாம். அந்த நொடியில் அதன் கையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். பதிவுப் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். 212 என்று வந்தது.

"இருக்கு அத்தான், எல்லாம் இருக்கு" என்றேன். தொடர் பொத்தானை அழுத்தக் கையும் கொண்டுபோய்விட்டேன். எதற்கும் ஒருமுறை என்று, எத்தனை பதிவைச் சேமிக்க வேண்டும் என்ற எண் வைத்திருக்கும் மாறியின் பெயரைத் தட்டினேன். லிமிட் என்று பெயர் வைத்திருந்தேன். 5 என்று வந்தது.

சோதனைக்கு ஐந்து போதும் என்று முந்தைய நாள் நானே போட்ட எண். தொடரவிட்டிருந்தால் முதல் ஐந்தை மட்டும் எழுதிவிட்டு, வேலை முடிந்ததென்று சமர்த்தாக மூடிக்கொண்டிருக்கும். எடுக்க மறந்த அந்தச் சிவப்புப் புள்ளிக்கு இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

பதற்றத்தில் முதலில் செய்தது, நிரலில் இருந்த ஐந்தை ஐநூறாக மாற்றியது. மாற்றிய பிறகுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய நிரலைத்தான் கையில் வைத்திருக்கும். புதியது வேண்டுமென்றால் மூடித் திறக்க வேண்டும். அதைத்தான் செய்யக் கூடாது. மாற்ற வேண்டியது எழுத்தை அல்ல, நினைவில் இருக்கும் மதிப்பை. கன்சோலில் லிமிட்டுக்கு 212 என்று கொடுத்தேன். திரும்பக் கேட்டேன். 212 என்றது. லிமிட்டில் ஐந்தைப் போடுகிற வரியை ஏற்கெனவே தாண்டி வந்து நின்றிருந்ததால் என் மதிப்பு நிலைத்தது. ஒரு வரி முன்னால் நின்றிருந்தால் மறுபடி ஐந்தாகியிருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கடைசிப் பதிவு, அக்காவுக்கானது, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஆசை. பட்டியலின் கடைசியைப் பார்க்க வேண்டியவள், பழக்க தோஷத்தில் 'பாப்' என்று தட்டிவிட்டேன். பாப் கடைசிப் பொருளைக் காட்டும். காட்டுவதற்கு முன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கன்சோலில் வெறும் எட்டிப்பார்த்தல் என்று ஒன்று கிடையாது. தட்டியது நிஜமாகவே நடக்கும். பத்துப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

திரையில் புரியாத எழுத்துகளாக அரை வரி வந்து போனது. எண்ணிக்கை கேட்டேன். 211.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "அத்தான்," என்றேன், "கடைசியா ஒண்ணு பதிஞ்சீங்கல்ல. அதை நான் தொலைச்சிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மத்ததெல்லாம்?" என்றார், காற்றுக் குரலில்.

"இருக்கு."

"முதல்ல அதை இறக்கு. ஏறினவங்களைப் பத்திரமா இறக்கிட்டு, விட்டுப்போனவங்களைப் பத்தி அப்புறம் யோசிப்போம், இன்ஜினியரம்மா."

பட்டியல் ஒன்று குறைந்துவிட்டதால் லிமிட்டை 211 ஆக்கினேன். இல்லாவிட்டால் இல்லாத பதிவைத் தேடிப்போய்த் தடுக்கி விழும். எல்லாம் எழுதி முடிந்த பிறகு வரும் வரியில் இன்னொரு பிரேக் பாயின்ட் வைத்தேன். அதன் பிறகே தொடர்ந்தேன். பக்கத்தில் திறந்து வைத்திருந்த ஃபோல்டரில் கோப்புகள் மளமளவென்று நிரம்பின. புரோகிராம் நான் சொன்ன இடத்தில் மறுபடி நின்றது. நடுவில் ஒன்றைத் திறந்து கேட்டேன். "உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு" என்றார் அத்தான். தெரபிஸ்ட் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அக்கா பேப்பரோடு வந்து நின்றாள். "அஞ்சாகப் போகுது, கூப்பிடறாங்க. என்ன எல்லாரும் அழுது வெச்ச மாதிரி இருக்கீங்க?"

நின்றிருக்கும் புரோகிராமின் கன்சோலிலிருந்தே அதன் செயல்களைக் கூப்பிடலாம். மைக்கைப் பத்து விநாடி திறந்து பதிந்து, இருநூற்றுப் பன்னிரண்டு என்ற பெயரில் கோப்பாக எழுதச் சொல்லி ஒரு வரி தட்டி வைத்தேன். என்டர் மட்டும் பாக்கி.

"அத்தான், பத்து செகண்ட் தரேன். முடியுமா?" என்றேன். "நாங்க வெளியே போயிடறோம்."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அக்காவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என்டரை அழுத்தினேன்.

"இத்தனை வருஷம் நானே பேசி உன்னைப் பேச விடல," என்றார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. "இனிமே நீ பேசு. நான் கேக்கறேன்."

அக்காவுக்கு மைக் திறந்திருப்பது தெரியாது. அவரை ஒரு நிமிடம் பார்ப்பது போலப் பார்த்தாள். உண்மையில் அது இரண்டு விநாடி.

"இப்பவும் நீங்கதானே பேசிட்டு இருக்கீங்க," என்றாள்.

பத்து விநாடி முடிந்தது. கோப்பு எழுதியாயிற்று. அத்தான் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் நீர் வர.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்த வாரம் கருவியில் பதிவுகளை ஏற்றிக் கொடுத்தபோது, கடைசிப் பதிவில் அக்காவின் பதிலையும் சேர்த்துப் பதிந்துவிட்டேன், அதை வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அத்தான் கருவியை வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். என்னைத் திட்டுவதற்கென்று பதிந்த நாலில் முதலாவதை அழுத்தினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். முதலில் தனியாக என்ன சொல்லியிருந்தார் என்று இதுவரை நான் கேட்கவில்லை, அவரும் எழுதிக் காட்டவில்லை.

தினமும் சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் அத்தான் அந்தக் கடைசிப் பதிவின் பொத்தானை அழுத்துகிறார். உடைந்த குரலில் அவர் சொல்வதும், அக்கா அவரை மடக்குவதும் வருகிறது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிறகு கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து உட்காருகிறார். அக்கா அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல், அவசரப்படாமல் சொல்லி முடிக்கிறாள்.